ஒரு வாழ்த்தும் பல வாசல்களும்

கடிதம் எழுதுகிறவன் தன் எதிரே ஒரு முகத்தை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறான். அந்த முகம் முதியவருடையதாயின் சொல் பணிகிறது. குழந்தையுடையதாயின் சொல் குனிந்து கொஞ்சுகிறது. துயருற்றவருடையதாயின் சொல் தயங்கி நிற்கிறது. இதை எவரும் எவருக்கும் கற்பித்ததில்லை. எழுத்தறியாத மலையகத்து மூதாட்டியர்கூட, தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரைக் கொண்டு கடிதம் எழுதுவிக்கையில், மூத்த மகனுக்கு ஒருவிதமாகவும் சம்பந்தி வீட்டாருக்கு வேறுவிதமாகவும் சொல்லச் சொல்லி எழுதுவித்தார்கள்.

இன்று நிலைமை வேறு. ஒரு குடும்பத்தைச் சேர்ந்த முப்பது நாற்பது பேர் கைபேசியில் ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். பண்டிகை வந்தால் ஒரு வாழ்த்து அனுப்பப்படுகிறது. அதே சொல்லை, அதே கணத்தில், எண்பது வயதுப் பெரியவரும் வாசிக்கிறார், எட்டாம் வகுப்புச் சிறுவனும் வாசிக்கிறான். போதாக்குறைக்கு, அதை மற்றவர்களும் வாசிக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் அறிந்தே வாசிக்கிறார்கள். ஒருவரை மகிழ்விக்கும் சொல் இன்னொருவரைச் சுடுமானால், சுடப்பட்டவர் முப்பது பேர் நடுவே சுடப்படுகிறார். ஆகவே ஒரே வாழ்த்தைப் பலருக்கும் பொருந்த எழுதுவது எங்ஙனம் என்ற கேள்வி, சிறிய கேள்வி போலத் தோன்றினும், நம் மக்களின் வாழ்க்கையோடு ஒட்டிய கேள்வியேயாகும். எங்கள் குடும்பத்தை வைத்தே இதனைச் சற்று ஆராயலாமென்று எண்ணுகிறேன்.

எங்கள் வேர் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் இருக்கிறது. தந்தையார் உடன்பிறந்தோர் மூவர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையில், நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு பேச்சுக்கென ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மூத்த பெரியப்பா இந்தியாவின் பங்கிலே விழுந்தார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் போய், கடைசியில் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே சென்று சேர்ந்தார். நடுப் பெரியப்பா 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையை விட்டிறங்கி வவுனியாவுக்கும், அங்கிருந்து கிளிநொச்சிக்கும் போனார். என் தந்தையார் மட்டும் பிறந்த லயத்திலேயே இருந்து மறைந்தார். இன்று அம்மா கந்தப்பளையில், பெரியப்பா கூடலூரில், அவருடைய மகன், எங்கள் அண்ணன், கோயம்புத்தூரில், நடுப் பெரியப்பாவின் மகளான அக்கா கனடாவின் டொரன்டோவில், என் தங்கை குவைத்தில் ஒரு வீட்டின் பணிப்பெண், அம்மாவின் தம்பியான மாமா ஹட்டனில் பெந்தகொஸ்தே சபையைச் சேர்ந்தவர், அம்மாவின் தங்கையான சின்னம்மா இராகலையில், என் தம்பி மணந்திருப்பது வெலிமடையைச் சேர்ந்த ஒரு சிங்களப் பெண்ணை. இத்தனை பேரும் ஒரே குழுவில் இருக்கிறார்கள்.

2024ஆம் ஆண்டுச் சித்திரைப் பிறப்புக்கு அம்மாவின் பெயரால் ஒரு வாழ்த்து அனுப்ப வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிக்கிறவன் என்பதனால் இவ்வேலை என்னிடம் வந்து சேருவது வழக்கம். அதற்கு முன்னரே என் மருமகன், பதினேழு வயதுப் பையன், எங்கிருந்தோ வந்த ஒரு வாசகத்தைத் தயாராக வைத்திருந்தான். பிள்ளையார் படம் ஒன்று. அதன் கீழே இவ்வாறு:

“மலர்ந்துள்ள இனிய தமிழ்ப் புத்தாண்டில் எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் அருளால் உங்கள் இல்லத்தில் இன்பம் பொங்கவும், இன்று குடும்பத்தோடு கூடிக் களிக்கவும் வாழ்த்துகிறோம்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வாசகம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். இதன் எதிரே நிற்கும் குடும்பம் ஓரிடத்தில் கூடி வாழ்கிறது; ஒரே சமயத்தைச் சேர்ந்திருக்கிறது; அதற்குச் சொந்த இல்லம் இருக்கிறது; அவ்வீட்டில் அண்மையில் எவரும் இறக்கவில்லை; யாரும் வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடக்கவில்லை. அப்படிப்பட்ட குடும்பம் எங்கேனும் இருக்கலாம். மலையகத்தில் அதனைத் தேடுவது கடினம். எனவே ஒவ்வொரு சொல்லாக எடுத்து, அது எவர் வாசலில் இடறுகிறது என்று பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில் பண்டிகையின் பெயர். ‘தமிழ்ப் புத்தாண்டு’ என்ற சொல் கோயம்புத்தூர் அண்ணனுக்குப் பொருந்தாது. அவர் பெரியார் வழியில் நிற்பவர். தை முதல் நாளே தமிழர் ஆண்டின் தொடக்கம் என்று கொள்பவர். இது அவருடைய தனிப்பட்ட பிடிவாதமுமன்று. 2008இல் தமிழ்நாட்டு அரசு தை முதல் நாளையே தமிழ்ப் புத்தாண்டாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. 2011இல் அடுத்து வந்த அரசு அச்சட்டத்தை நீக்கிச் சித்திரையை மீண்டும் கொண்டுவந்தது. இலங்கையிலோ இவ்விழா அரசாங்கப் பட்டியலில் ‘சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு’ என்றே வழங்குகிறது. அந்தப் பெயரில் பாதியை மட்டும் எடுத்து எழுதினால் தம்பி மனைவி விட்டுப்போகிறாள். முழுவதையும் எழுதினால் டொரன்டோவில் இருக்கும் அக்காவின் நெஞ்சில் வேறொரு முள் தைக்கிறது. அவ்விஷயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

வருஷப் பெயரைப் போட்டுத் தப்பலாமா என்றால் அதுவும் ஆகவில்லை. பிரபவ முதல் அட்சய வரையுள்ள அறுபது வருஷப் பெயர்களில் 2024இல் பிறந்தது குரோதி. அவ்வடசொல்லுக்குச் சினமுடையது என்று பொருள். ‘குரோதி வாழ்த்து’ என்று எழுதுவது தமிழறிந்தவன் கைக்குக் கூசுகிற காரியம். மேலும் வடமொழிப் பெயர் வரிசை என்பதே அண்ணன் கூறும் முதல் தடை. இன்னுமொன்றையும் கவனித்தேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே குரோதி வந்தது 1964 ஏப்ரலில். நம்மைக் கூறுபோட்ட உடன்படிக்கை கையெழுத்தானது அவ்வருஷத்து ஐப்பசியில். அந்தப் பெயரைச் சொல்லிப் பெரியப்பாவை வாழ்த்த எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் ‘சித்திரை பிறந்திருக்கிறது’ என்று எழுதினேன். சித்திரை ஒரு மாதம். அது பிறந்தது ஓர் உண்மை. ஆண்டு எப்போது தொடங்குகிறது என்ற வாதத்துக்குள் அச்சொல் புகுவதில்லை. தையைக் கொண்டாடுகிறவரும் சித்திரை பிறந்ததை மறுக்கமாட்டார். இதிலிருந்து ஒரு விதியைப் பெறலாம். பெயர் பற்றிக் கருத்து வேற்றுமை இருக்குமிடத்தில் பெயரை விட்டுவிட்டு, எல்லோரும் காணும் நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ‘இன்று’ என்னும் சொல். இதில் என்ன வில்லங்கம் என்று தோன்றலாம். அவ்வாண்டு சூரியன் மேடராசியில் புகுந்தது ஏப்ரல் 13ஆம் நாள் இரவிலே. இலங்கையில் அந்தப் பதின்மூன்றாம் நாளே புத்தாண்டு விடுமுறை. தமிழ்நாட்டு வழக்கிலோ, சூரியன் புகுவது அத்தமனத்துக்குப் பிந்தினால் மறுநாளே மாதத்தின் முதல் நாள். ஆகவே கூடலூரில் பதினான்காம் நாள் பண்டிகை. இவ்விரண்டுக்கும் நடுவே, இலங்கையிலேயே வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரமும் திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரமும் சொல்லும். மருத்துநீர் வைக்கும் நேரம், கைவிசேஷ நேரம், உடுக்க வேண்டிய ஆடையின் நிறம் ஆகியவையும் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாறும். பழைய வாய்பாடுகளைப் பின்பற்றுவது ஒன்று. புதிய வானியல் கணிப்போடு திருத்திக்கொண்டது மற்றொன்று. இரண்டுக்கும் நம் குடும்பத்தில் ஆதரவாளர்கள் உண்டு. ஒரு பஞ்சாங்கத்து நேரத்தைப் பொது வாழ்த்தில் எழுதினால் மற்றதைப் பின்பற்றுகிற வீட்டார் தாங்கள் பிழை செய்துவிட்டதாகக் கலங்குவர். அல்லது நம்மைத் திருத்த முற்படுவர். வாழ்த்து வழக்காக மாறும் இடம் பெரும்பாலும் இதுவே. எனவே நேரமும் வேண்டாம், ‘இன்று’ம் வேண்டாம்.

அனுப்பும் வேளையையும் எண்ணவேண்டும். பதினான்காம் நாள் காலை ஏழு மணியென்று முடிவு செய்தேன். கூடலூரிலும் அப்போது காலை ஏழுதான். இலங்கையின் கடிகாரம் 2006இலிருந்து மீண்டும் இந்தியாவின் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது. டொரன்டோவில் அது முந்திய இரவு ஒன்பதரை, அக்கா உறங்கியிருக்கமாட்டார். குவைத்தில் விடியற்காலை நாலரை. அது தங்கை எழுந்து எசமானர் வீட்டு அடுக்களைக்குள் போகும் நேரம். கந்தப்பளையில் பொங்கல் பானை இறங்கியிருக்கும்.

மூன்றாவது, வாழ்த்துகிறவர் யார் என்பது. தமிழில் வாழ்த்துக்குத் திசை உண்டு. மூத்தோர் வாழ்த்துவர், இளையோர் வணங்குவர். அம்மா எழுபதை நெருங்குகிறார். ஆனால் பெரியப்பா எண்பதைக் கடந்தவர், அம்மாவுக்குக் கணவனின் மூத்த தமையன். அம்மாவின் பெயரால் ‘வாழ்த்துகிறோம்’ என்று எழுதினால், தம்பி மனைவி தம்மை ஆசீர்வதிக்கத் துணிந்தாளே என்று அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், மனத்துக்குள் வைத்துக்கொள்வார். இதற்குப் பழைய கடிதங்களிலேயே வழி இருக்கிறது: “மூத்தோருக்கு வணக்கம், இளையோருக்கு ஆசி.” ஒரே வாக்கியம். வாசிக்கிற ஒவ்வொருவரும் தமக்குரிய பாதியைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். பெயர் சொல்லி அழைக்கவும் கூடாது. உறவுமுறை சொல்லியும் அழைக்கவும் கூடாது. நான் ‘அண்ணா’ என்று விளிப்பவர் இன்னொருவருக்குச் சித்தப்பா, மற்றொருவருக்கு மச்சான். நாலு பெயரைக் குறிப்பிட்டு ‘மற்றும் அனைவருக்கும்’ என்று முடித்தால், அந்த ‘மற்றும்’ என்ற சொல்லுக்குள் தள்ளப்பட்டவர்கள் அதனை மறக்கவே மாட்டார்கள்.

இறைவன் பெயர் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பிள்ளையார் படம் மாமாவுக்குச் சங்கடம். எந்தக் கடவுளின் பெயரும் அண்ணனுக்குச் சங்கடம். பொதுவாக ‘இறைவன்’ என்று போட்டு மாமாவைச் சமாதானப்படுத்தினாலும் அண்ணன் வெளியே நிற்பார். அதற்காக அம்மாவின் பக்தியை மறைப்பதும் நேர்மையன்று. அம்மா சாமி கும்பிட்டார் என்பது அம்மாவைப் பற்றிய செய்தி. அதைச் செய்தியாகவே சொல்லலாம். ‘அம்மா விளக்கேற்றி உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டார்’ என்று எழுதினால் யாரும் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அருளைப் பிறர்மேல் சொரிவது வேறு. நம் வீட்டில் நடந்ததை நடந்தபடி சொல்வது வேறு.

இவ்வளவும் சொல்லை மாற்றுவதால் தீர்ந்த சங்கடங்கள். இனி வருவன அப்படித் தீராதவை.

சின்னம்மாவின் கணவர் அவ்வாண்டு மார்கழியில் காலமாகியிருந்தார். ஆண்டுத் திவசம் முடியும்வரை அவ்வீட்டில் பண்டிகை இல்லை, எண்ணெய்ச்சட்டி அடுப்பேறாது. அவர்களுக்கு ‘இன்பம் பொங்குக’ என்பது எப்படிப் பொருந்தும்? பொது வாழ்த்திலிருந்து அந்தச் சொற்றொடரை நீக்கினேன். ஆனால் நீக்குவது மட்டும் போதாது. குழு முழுவதும் வாழ்த்துக்களும் படங்களும் குவியும்போது, துக்க வீட்டில் இருப்பவள் தன்னை எல்லோரும் மறந்துவிட்டதாகவே கருதுவாள். அந்த வீட்டுக்குத் தனிச் செய்தி வேண்டும். அதுவும் பொதுச் செய்திக்கு முன்னரே போய்ச் சேர வேண்டும். பின்னால் போனால் அது நினைவு வந்து போட்ட ஒட்டுத்துணி போலாகிவிடும். பன்னிரண்டாம் நாள் மாலையிலேயே எழுதினேன்: “சின்னம்மா, நாளை சித்திரை. சித்தப்பா இல்லாத முதல் சித்திரை. வாழ்த்து எழுதவில்லை. நாளை மறுநாள் அம்மாவும் நானும் பலகாரம் எடுத்துக்கொண்டு வருகிறோம்.” துக்க வீட்டுக்கு உறவினர் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வழக்கம். அதனைச் சொன்னாலே ஆறுதல் சொன்னதாகும். ஆறுதல் என்ற சொல்லையே அங்கே பயன்படுத்த வேண்டியதில்லை.

தங்கையின் காரியம் வேறு மாதிரி. ‘குடும்பத்தோடு கூடிக் களிக்க’ என்று வாழ்த்தினால், அது அவளால் இயலாத ஒன்றை நினைவூட்டுவதாகும். அவள் குழந்தை அம்மாவிடம் வளர்கிறது. கொழுந்துப் பறித்துக் கிடைக்கும் நாட்கூலியில் கடனும் அடைத்து வீட்டுக்கூரையும் மாற்ற இயலாமற் போனதே அவள் பாலைவன நாட்டுக்குப் போனதற்குக் காரணம். அதனை ஒரு வாழ்த்தில் யாரும் சரிப்படுத்திவிட முடியாது. பொது வாழ்த்தில் ‘எட்டி இருப்போரும் கிட்ட இருப்போரும்’ என்று சேர்த்தேன். எட்டி இருப்பவரை முதலில் வைத்தேன். அவளுக்குத் தனியாக எழுத்து எதுவும் அனுப்பவில்லை. குழந்தை பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பாட்டை வாசித்த குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். பகல் முழுவதும் கைபேசியைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. எழுத்து ஒரு முறை கண்ணில் படுவதோடு சரி. குரலை இரவில் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

இனி அக்காவின் விஷயம். நடுப் பெரியப்பாவின் மகன் ஒருவனை நாங்கள் 2009 ஏப்ரலில் இழந்தோம். வன்னி மக்கள் புதுமாத்தளன் கரையோரம் ஒடுங்கிக் கிடந்த நாட்கள் அவை. சித்திரைப் பிறப்புக்குப் பின் ஒரு கிழமைக்குள் அது நடந்தது. அதனால் ஏப்ரல் என்றாலே அக்காவுக்கு மனம் கனத்துவிடும். அவரும், வெலிமடைத் தம்பி மனைவியும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். தம்பி மனைவிக்கு அவள் மொழியில் ஒரு வரியேனும் வாழ்த்துச் சொல்ல வேண்டுமென்பது அம்மாவின் விருப்பம். அப்பெண் எழுத்துக்கூட்டித் தமிழில் எங்களுக்கு எழுதுகிறவள். அம்மாவை அம்மா என்றே அழைப்பவள்.

இங்கே எளிய வழி ஒன்று இருந்தது. சிங்கள வாழ்த்தைத் தனியாக அவளுக்கு மட்டும் அனுப்பிவிடலாம், அக்காவின் கண்ணில் அது படாது, ஒருவரும் நோகமாட்டார். என் உறவினர் சிலர் அவ்வாறே சொன்னார்கள். நான் அதனை ஏற்கவில்லை. தங்கைக்குக் குழந்தையின் குரலைத் தனியே அனுப்பியதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அதைக் குழுவில் எவர் கேட்டாலும் மகிழ்வர். இது அப்படிப்பட்டதன்று. ஒரு குடும்பத்து உறுப்பினரின் மொழியைக் குடும்பத்துக்குத் தெரியாமல் மறைத்து வழங்குவது, நீ இங்கே இருப்பது எங்களுக்கு வெட்கம் என்று சொல்லாமற் சொல்வதாகும். எவரையும் புண்படுத்தாமல் எழுதுவது என்பதற்கு எல்லை இதுதான். ஒருவரைப் புண்படுத்தாமல் இருப்பதற்காக இன்னொருவரை இல்லாமல் ஆக்கக் கூடாது. அதேபோல, அக்காவின் துயரத்தைப் பொருட்படுத்தாமல், ஒற்றுமை என்ற பெரிய சொல்லைக் காட்டி அவர் வாயை அடைப்பதும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையில் எழுத்தால் மட்டும் வழி கண்டுவிட முடியாது.

ஆகவே அக்காவோடு தொலைபேசியில் பேசினேன். எழுதப்போகும் வாசகத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பிள்ளை என்னடா தம்பி செய்தது? எழுது. அவளுக்கும் வீடு அதுதானே. ஆனா ‘இனிய’ என்று போடாதே. எங்களுக்கு எந்தச் சித்திரை இனிச்சிருக்கு?” என்றார். ‘இனிய’ என்ற அச்சொல்லை யாருமே கவனித்திருக்கமாட்டார்கள். நானும் அதைச் சம்பிரதாயச் சொல்லென்றே எண்ணியிருந்தேன். எந்தச் சொல் எங்கே குத்தும் என்பதை எழுதுகிறவன் மட்டும் இருந்து கணித்துவிட முடியாது. நோவு எங்கே இருக்கிறதென்று நோவுடையவரைத்தான் கேட்கவேண்டும். சிங்கள மொழி அக்காவுக்குக் குத்தும் என்று நாங்கள் அஞ்சினோம். அவருக்குக் குத்தியது நம் தமிழ்ச் சொல்லே.

முடிவில் குழுவுக்குப் போன வாசகம் இது. படம் எதுவும் இல்லை:

“எட்டி இருப்போருக்கும் கிட்ட இருப்போருக்கும் கந்தப்பளையிலிருந்து அம்மா. சித்திரை பிறந்திருக்கிறது. காலையில் பனி, பிறகு வெயில். விளக்கேற்றி உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். மூத்தோருக்கு வணக்கம், இளையோருக்கு ஆசி. இவ்வாண்டு நம்மோடு இல்லாதவர்களையும் மறக்கவில்லை. எல்லோரும் நலமாக இருக்கவேண்டும். சுப அலுத் அவுருத்தக் வேவா, மகளே.”

மருமகன் வைத்திருந்த வாசகத்தைவிட இது சற்று நீளம். ஆனால் இதில் ஒருவருக்குப் பொய்யாக இருக்கக்கூடிய சொல் ஏதுமில்லை. ‘நம்மோடு இல்லாதவர்கள்’ என்ற வரியில் சின்னம்மா தன் கணவரைக் காணலாம். அக்கா தன் தம்பியைக் காணலாம். பெரியப்பா என் தந்தையாரைக் காணலாம். யாருடைய பெயரும் அதில் இல்லாததே அதற்கு வாய்ப்பளிக்கிறது. ‘நலம்’ என்ற சொல் பழைய கடிதங்களின் முதற்சொல். இன்பம், செல்வம் என்பவற்றுக்கு இல்லாத அடக்கம் அதற்கு உண்டு. துக்க வீட்டாருக்கும் நலம் வேண்டலாம். குவைத்தில் இருப்பவளுக்கும் வேண்டலாம்.

செய்முறை பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு அப்படியே தள்ளிவிட்டால், அது மற்றோரிடத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் செய்தியின் தலையிலேயே தெரியும். தனிச் செய்தி என்று நம்பி வாசிக்கிறவருக்கு அது அவமானம். ஆகவே தனிச் செய்தியைப் புதிதாகவே எழுதவேண்டும். குழுவில் போட்டபின் அழித்தாலும், ஏதோ அழிக்கப்பட்டது என்ற குறிப்பு எல்லோருக்கும் தெரியும். என்ன சொல்ல வந்தான், ஏன் அழித்தான் என்ற ஊகம் அழிக்கப்பட்ட சொல்லைவிடக் கேடானது. அனுப்புமுன், குழுவில் மிகவும் மனம் நொந்திருப்பவர் யாரோ அவராகத் தம்மை எண்ணிக்கொண்டு ஒருமுறை வாசித்தால் போதும்.

புண்பட்டவர் சண்டையிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம்மவர் சண்டையிடுவதில்லை. வழக்கமாக நாலு வரி எழுதுகிறவர் இரண்டு கூப்பிய கைகளின் படத்தை மட்டும் போடுவார். அல்லது வாசித்துவிட்டு வாளாவிருப்பார். சில கிழமைக்குப் பின் ஓசையின்றிக் குழுவைவிட்டு விலகுவார். மௌனத்தைக் கவனிக்கத் தெரிந்தவனுக்கே பொது வாழ்த்து எழுதும் தகுதி உண்டு. அந்தச் சித்திரையில் பெரியப்பா, எழுத முடியாத கையால், தம் குரலில் பதில் அனுப்பினார். மலையில் பனி இருந்ததென்று எழுதியிருந்தாயே, எந்தப் பக்கத்துப் பனி, பழைய பெரட்டுக்களத்துக்கு மேலேயா என்று கேட்டார். அண்ணன், “நலமே. தையிலும் எழுதுக” என்று எழுதினார். தம்பி மனைவி தமிழில், “அம்மாவுக்கு நன்றி. அக்காவுக்கு என் அன்பு” என்று எழுதினாள். மாமா மட்டும் பதில் எழுதவில்லை. அவர் எந்தப் பண்டிகைக்கும் எழுதுவதில்லை. மறுநாள் நேரில் வந்து சாப்பிட்டுப் போனார்.

இப்படி ஆளுக்கு ஏற்பச் சொல்லை மாற்றுவது போலித்தனமாகாதா என்று கேட்கும் நண்பர் உண்டு. கேள்வி நியாயமானது. வியாபாரியும் வாக்கு வேட்டையாடுபவனும் ஆளுக்கேற்பப் பேசுகிறார்கள். கோயிலில் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று, பகுத்தறிவாளர் மேடையில் ஒன்று. ஆனால் அவர்கள் சொல்வதை ஓரிடத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒன்றையொன்று பொய்யாக்கும். அதுவே பரீட்சை. நான் எழுதிய தனிச் செய்திகளையும் பொது வாழ்த்தையும் ஒருவர் ஒன்றாகச் சேர்த்து எல்லோருக்கும் காட்டினாலும், எவரும் ஏமாற்றப்பட்டதாக எண்ண இடமிருக்கக் கூடாது. சொல் மாறலாம், வேளை மாறலாம், எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் மாறலாம். சொல்லின் பின்னாலுள்ள மனம் மாறலாகாது.

1964இல் இரு அரசாங்கங்கள் ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களை மூன்று தொகைகளாக எழுதிக் கையெழுத்திட்டன. அந்தத் தாளில் அண்ணன் யார், தம்பி யார், யார் வீட்டில் யார் இறந்தார் என்பதற்கு இடமில்லை. அத்தாளுக்கு இடையே சிதறிய மக்கள்தாம் இன்று கையளவு கண்ணாடியில் மறுபடியும் ஒன்றுசேர முயல்கிறார்கள். அவர்களை வாழ்த்துவதற்கு, எல்லோரையும் ஒரே தொகையாகக் கொள்ளும் இன்னொரு தாள் தேவையில்லை. ஒவ்வொருவர் வாசலையும் அறிந்து, அந்த வாசலுக்கேற்றவாறு தலைகுனிந்து நுழையும் சொல் வேண்டும். அது கைகூட ஒரு மாலைப்பொழுதும் ஒரு தொலைபேசிப் பேச்சும் செலவாகும். அவ்வளவேனும் நம் உறவினருக்காக நாம் செலவிடலாம்.